காரைக்குடி கண்டாங்கி: கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை, கருப்புக் கட்டம்

விலை ரூ.1,850. நீளம் ஐந்தரை மீட்டர், ஜாக்கெட் துணி சேராது. பழைய கண்டாங்கிக்கு ஜாக்கெட் துணி வைத்து நெய்யும் வழக்கமே இல்லை, அதனால் நாங்களும் சேர்க்கவில்லை. அரக்கிலோ கருப்பிலோ வீட்டில் இருக்கும் ஜாக்கெட்டே போதும்.

துணி சுத்தப் பருத்தி, கைத்தறி. கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரித்ததும் ‘என்ன இவ்வளவு விறைப்பா இருக்கு?’ என்று தோன்றும். கஞ்சி போட்ட பாவில் நெய்தது, அப்படித்தான் இருக்கும். மூன்று நான்கு தடவை துவைத்த பிறகுதான் கொசுவம் தானாக விழும், உடம்போடு ஒட்டி நிற்கும். முதல் நாளே கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு எங்களைத் திட்டாதீர்கள். மெல்லிசாக, வழுவழுப்பாக வேண்டுமென்றால் இது உங்களுக்கான சேலை இல்லை.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். படம் காலை வெயிலில் எடுத்தது, சில மொபைலில் எலுமிச்சை மஞ்சளாகத் தெரிகிறது. நிஜத்தில் அது கடுகை அரைத்தால் வரும் மஞ்சள், பழுத்த மாம்பழத் தோலைவிட ஒரு படி மங்கல். கரை உள்ளங்கை அகலத்துக்கு நல்ல அரக்கு. இரவு விளக்கில் பார்த்தால் கருப்போ என்று சந்தேகம் வரும். கட்டக் கோடுகள் மெல்லிய கருப்பு. ஓரத்தில் வரிசையாகச் சின்ன ஊசித் துளைகள் இருக்கும், தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடித்ததன் தடம் அது. அங்கங்கே நூல் முடிச்சும் தட்டுப்படும். இரண்டுமே பழுது இல்லை. இதற்காகத் திருப்பி அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டோம், கிழிசல், கறை என்றால் ஏழு நாளுக்குள் படத்தோடு சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.

சரி, துவைப்பது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில். அரக்கு கொஞ்சம் விடும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் ஊற மட்டும் போடாதீர்கள். வாளியில் ஊறப் போட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டு நின்றால் அரக்கு மஞ்சளில் ஏறிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். போட்டால் கெடுதல் இல்லை, அதை நம்பி ஊற மட்டும் வைக்க வேண்டாம். மைல்டான சோப்புத் தூளில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நீர் வடியவிட்டு, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயப் போடுங்கள். பிளீச் கூடவே கூடாது. மெஷினில் போட்டே ஆக வேண்டும் என்றால் வலைப் பையில், மெதுவான சுற்றில்.

முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். ஃபால்ஸ் அடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்பே அடித்தால் அடிப்பக்கம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

சோறு வடித்த கஞ்சியை வடிகட்டித் தண்ணீர் விட்டு முக்கினாலே விறைப்பு வரும். லேசான ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். மாதக்கணக்கில் பீரோவில் வைப்பதாக இருந்தால் மட்டும் கஞ்சி இல்லாமல் வையுங்கள், கஞ்சிக்குப் பூச்சி வரும்.

இந்த நிறத்தில் இப்போது நான்குதான் இருக்கிறது. அடுத்த பாவு ஓட மூன்று வாரம் ஆகும்.