15 வருடம், உள்ளே விட்ட ஒரு இன்ச்

இன்றோடு நம் தையல் கடைக்கு 15 வயது. 🙏

2010 செப்டம்பர் 15, புதன்கிழமை. தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தது. டன்லப் ஸ்திரீட் கடைவீட்டு மாடியில் இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக். துணி வெட்ட மேசை வாங்கக் காசில்லை, ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தூக்கி வந்தோம். (அதன் பிறகு வீட்டில் எட்டு மாதம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுவார்.)

முதல் நாள் ஒரே ஒரு ஆள்தான் வந்தார். அவரும் தைக்க வரவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் கடை என்று நினைத்து மாடி ஏறிவிட்டார். மேலே வந்து பார்த்தால் நானும் மெஷினும்தான். சங்கடமாக நின்றவர், "சரி அக்கா, இந்தப் பேண்ட் கொஞ்சம் நீளம், குறைச்சுத் தர்றீங்களா?" என்று பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான்கு வெள்ளி. அந்தத் தம்பி ஊருக்குத் திரும்பிப் பல வருடம் ஆகிறது. இன்றும் தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் முதல் வாழ்த்து அவருடையதுதான். தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், நம் கடைக்குப் போணி செய்தவர் நீங்கள்.

யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று நேற்றிரவு பழைய அளவு நோட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். மொத்தம் 23 நோட்டு. கணினியில் ஏற்றிவிடலாம் என்று என் மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. ஒரே பெயருக்குக் கீழே மார்பளவு 32, அடுத்த நோட்டில் 34, அதற்கடுத்ததில் 38, பக்கத்தில் "குழந்தை பிறந்திருக்கு, தாராளமா வைக்கவும்" என்று என் கையெழுத்து. இன்னொரு பக்கத்தில் "கழுத்து ஏற்றி வைக்கவும், மாமியார் வருகிறார்." சில பெயர்களுக்கு எதிரே மட்டும் அளவு ஏறாமல் இறங்கிக்கொண்டே போகிறது. அந்தப் பாட்டிமார்களில் சிலர் இப்போது இல்லை. அந்தப் பக்கங்களையும் நான் கிழிக்கவில்லை.

என்னிடம் தைத்தவர்களுக்குத் தெரியும், ரவிக்கையின் இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இன்ச் துணி விட்டுத்தான் தைப்பேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அம்மா போட்ட சட்டம் அது. "துணியை மிச்சம் பிடிக்காதே, உடம்பு மாறும்" என்பார். புதிதாக வருகிற பெண்கள் சில பேர் உள்ளே பார்த்துவிட்டு, "ஏன் அக்கா இவ்வளவு துணி தொங்குது, வெட்டி விட்டுடுங்க" என்பார்கள். வெட்டமாட்டேன்.

அந்த ஒரு இன்ச்தான் ஒருமுறை என் மானத்தைக் காப்பாற்றியது. கடை தொடங்கி மூன்றாவது வருடம். அக்கா, தங்கை இரண்டு பேர், அக்காவுக்குக் கல்யாணம். பெருமாள் கோயிலில் காலை ஏழரைக்கு முகூர்த்தம். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு மணப்பெண் போன் செய்து அழுகிறாள், கை நுழையவில்லையாம். தப்பு என்னுடையதுதான். இரண்டு பேர் அளவையும் மாற்றிப் போட்டு வெட்டியிருக்கிறேன், கூறைப்புடவை ரவிக்கை தங்கையின் அளவில் நிற்கிறது. டாக்சி பிடித்து உட்லண்ட்ஸ் போய், அவர்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து தையலைப் பிரித்து, உள்ளே இருந்த துணியை முழுக்க வெளியே விட்டு, கையாலேயே தைத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டே கால். பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துடுங்க" என்றார். போனேன். அந்த வீட்டில் அடுத்த இரண்டு கல்யாணத்துக்கும் நான்தான் தைத்தேன். அந்த அம்மாவுக்கு என்ன நன்றி சொல்வது!

2020ஐயும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 7ஆம் தேதி கடையை இழுத்து மூடினோம். வாடகையை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஒரு வாரத்தில் வெளியே போக முகக்கவசம் கட்டாயம் என்று அறிவிப்பு வந்தது. லைனிங் துணி வீட்டில் மூட்டையாகக் கிடந்தது, உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். உங்களில் எத்தனை பேர் "எனக்கு இருபது", "எங்க புளோக்குக்கு ஐம்பது" என்று வாங்கினீர்கள்! அத்தனை முகக்கவசம் ஒரு வீட்டில் எதற்கு? எனக்கு அப்போதே புரிந்தது, வாய் திறந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்புறம் ஒவ்வொரு ஜூலையும் இன நல்லிணக்க நாளுக்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளையோடு ஓடிவரும் சீன, மலாய் அம்மாக்களே, உங்களுக்கும் நன்றி. அடுத்த வருடமாவது ஒரு வாரம் முன்னால் வாருங்கள். முழங்கால் வலியோடு இந்தச் செங்குத்துப் படியில் ஏறிவரும் பாட்டிமார்களுக்குத் தனியாக நன்றி. கீழே நின்று போன் செய்தால் போதும், நானே டேப்போடு இறங்கி வருவேன். கட்டிங் அண்ணனும் கொக்கி வைக்கும் அக்காவும் இல்லையென்றால் இந்த நோட்டுகள் வெறும் நோட்டுகள்தான்.

சரி, பிறந்தநாள் என்றால் ஏதாவது கொடுக்க வேண்டுமே. பெரிய தள்ளுபடி போட நம்மால் முடியாது. தையல் கூலியில் பாதி கழித்தால் வேலை செய்கிறவர்கள் வயிற்றில்தான் அடிக்க வேண்டும். அதனால் யோசித்து இதைச் செய்கிறோம்.

2010 முதல் நம் கடையில் தைத்த எந்த ரவிக்கையானாலும், இப்போது இறுக்கமாகவோ தொளதொளவென்றோ இருந்தால் எடுத்து வாருங்கள். இலவசமாகப் பிரித்துச் சரிசெய்து தருகிறோம். உள்ளே துணி இருக்கிறது, நான் வைத்ததுதான். ஒருவருக்கு மூன்று ரவிக்கை வரை. செப்டம்பர் 28, ஞாயிறு மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும், ஒரு வாரத்தில் தயாராகும். ரசீது தேவையில்லை, என் தையல் எனக்குத் தெரியும். பட்டுத் துணி இற்றுப் போயிருந்தால் மட்டும் கை வைக்கமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தீபாவளிக்குப் புதிதாக இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு புடவைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருவது நம் செலவு. தீபாவளி அக்டோபர் 20. ஆர்டர் எடுப்பது அக்டோபர் 5 வரைதான். "ஒண்ணே ஒண்ணு அக்கா" என்று 18ஆம் தேதி வருபவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். இந்த வருடம் நிஜமாகவே மாட்டேன்.

தினமும் காலை 11 முதல் இரவு 8 வரை திறந்திருப்போம், செவ்வாய் விடுமுறை. பேநவ், ரொக்கம் இரண்டும் சரி. ரோச்சோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். படிக்கட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும், இந்த வாரம் மேலே வருகிற எல்லாருக்கும் கேசரி உண்டு.

புதிதாகத் தைக்க வருகிறவர்கள் சரியாகப் பொருந்தும் அளவு ரவிக்கை ஒன்றை மறக்காமல் எடுத்து வாருங்கள். பழையவர்களுக்கு வேண்டாம், நோட்டு இருக்கிறது. ஆனாலும் டேப் வைத்து ஒருமுறை அளந்துவிடுவேன்.

#15வருடம் #தையல்கடை #தேக்கா #தீபாவளி2025