வேம்பநாட்டுப் படம்: தமிழ் சப்டைட்டில் டைமிங் விதிகள்

இந்த 96 நிமிட மலையாளப் படத்தை ஆளுக்கு 24 நிமிடமாக நாலு பேரும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். நாலு கை பட்டது திரையில் தெரியக் கூடாது. கோவை திரையிடலுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு மலையாளம் பேச வராது, ஆனால் காதில் விழுவதில் பாதி புரியும். கீழே உள்ள விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். கொரியப் படத்தில் சப்டைட்டில் அரை வினாடி முந்தினால் யாருக்கும் தெரியாது. மலையாளத்தில் 'வேண்டா' என்று நடிகர் சொல்லும் முன்பே 'வேண்டாம்' என்று திரையில் வந்துவிட்டால் அரங்கமே கவனிக்கும்.

இது எனக்கு நடந்த அனுபவம். முன்பு ஒரு திரையிடலில் நான் டைமிங் செய்த நகைச்சுவைக் காட்சி ஒன்று அரை வினாடி முந்தி வந்தது. எழுத்தைப் படித்து அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள் நடிகர் வசனத்தைச் சொன்னார், ஒருவருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லப்பட்ட வசனத்தை நான்தான் விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து இதில் நான் கறாராக இருக்கிறேன். நீங்களும் இருக்க வேண்டும்.

எழுத்தை எண்ணும் முறை

சப்டைட்டில் மென்பொருள் காட்டும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பெரும்பாலானவை யூனிகோட் குறிகளை எண்ணுகின்றன. 'நான் நாளைக்கு வரமாட்டேன்' என்பதில் கண்ணுக்குத் தெரிவது இடைவெளிகளையும் சேர்த்து 14 எழுத்து. யூனிகோடில் அது 24. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் வரும் வித்தியாசம் இது. 'கொ' என்ற ஒரே எழுத்துகூடத் தட்டச்சு செய்த விதத்தைப் பொறுத்து இரண்டு குறியாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 42 எழுத்து வரம்பை அப்படியே வைத்தால் தேவையில்லாத இடத்தில் எல்லாம் வசனத்தை வெட்ட வேண்டிவரும்.

நமக்கு இந்தக் கணக்குதான்:

```python
import unicodedata as u

def ezhuthu(s):
    return sum(1 for c in s
               if c != "\n" and u.category(c)[0] != "M")
```

இடைவெளியும் நிறுத்தக்குறியும் எண்ணிக்கையில் சேரும், வரி முறிவு சேராது. 'ஸ்ரீ' இரண்டாக வரும், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வரி நீளம்

ஒரு வரிக்கு 28 எழுத்து. ஒரு சப்டைட்டிலுக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது. மூன்றாவது வரி எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், ஒளிப்பதிவாளர் தண்ணீரையும் தோணியையும் சட்டகத்தின் கீழ்ப்பாதியில்தான் வைத்திருக்கிறார். 28-க்குள் அடங்கும் வசனத்தை அழகுக்காக இரண்டாக மடக்காதீர்கள். மடக்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வரியும் சம நீளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், பொருள் முறியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் பிரிக்கக் கூடாது. 'நேற்று வந்த' ஒரு வரியிலும் 'பையன்' அடுத்த வரியிலும் போனால் கண் தடுக்கும். 'போய்க்கொண்டிருந்தான்', 'செய்துவிட்டாள்' போன்ற துணைவினைகளைச் சேர்த்தே எழுதுங்கள், நடுவில் மடக்க முடியாது. எண்ணும் பொருளும் ('மூன்று' / 'படகு'), பெயரும் முறையும் ('ராகவன்' / 'மாமா') ஒன்றாக இருக்கட்டும். 'என்று' முந்தைய வரியின் கடைசியில் நிற்கட்டும், அடுத்த வரி 'சொன்னாள்' என்று தொடங்கட்டும்.

படிக்கும் வேகம்

வினாடிக்கு 11 எழுத்து. சண்டைக் காட்சிகளிலும் ஆட்கள் மாறி மாறிப் பேசும் இடங்களிலும் 13 வரை போகலாம். 13-ஐத் தாண்டினால் வசனத்தைச் சுருக்குங்கள். நேரத்தைத் திருடாதீர்கள்.

குறைந்தபட்சம் 1 வினாடி, 'ம்', 'வா' போன்ற ஒற்றைச் சொல்லுக்கும் இதே அளவுதான். அதிகபட்சம் 6 வினாடி. இரண்டு வரியும் முழுதாக நிரம்பினால் 56 எழுத்து, அதைப் படிக்க 5.1 வினாடி போதும். அதற்கு மேல் திரையில் நின்றால் படித்து முடித்த கண் மறுபடி முதல் வரிக்கே போகும்.

எதைச் சுருக்குவது? காதிலேயே விழுவதை முதலில் எடுங்கள். 'மோளே', 'அம்மே' போன்ற விளிகளும் ஆட்களின் பெயர்களும் தமிழ்க் காதுக்குத் தெளிவாகக் கேட்கும், ஒவ்வொரு முறையும் எழுத வேண்டாம். அடுத்தது, ஒரே கருத்தைத் திருப்பிச் சொல்லும் சொற்கள். எதிர்மறை, எண், கேள்விச்சொல், இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். சுருக்கியும் நேரம் போதவில்லை என்றால் பேச்சு முடிந்த பின் 12 ஃப்ரேம் வரை நீட்டலாம். முன்பக்கம் ஒரு ஃப்ரேம்கூட நீட்டக் கூடாது. பேச்சு தொடங்கும் ஃப்ரேமில் வர வேண்டும், இரண்டு ஃப்ரேம் தாமதமானால் பரவாயில்லை.

அடுத்தடுத்த இரண்டு சப்டைட்டில்களுக்கு நடுவே 2 ஃப்ரேம் இடைவெளி, அதாவது 83 மில்லிவினாடி. இது இல்லாவிட்டால் எழுத்து மாறியதே கண்ணுக்குத் தெரியாது. இடைவெளி 3 முதல் 11 ஃப்ரேமாக அமைந்தால் அதையும் 2 ஆக்குங்கள், இல்லையென்றால் எழுத்து மினுக்கும்.

கட்

பேச்சு கட்டுக்கு முன்னோ பின்னோ 6 ஃப்ரேமுக்குள் தொடங்கினால் சப்டைட்டிலைச் சரியாகக் கட்டிலேயே தொடங்குங்கள். கட்டுக்கு முன் தொடங்கும் பேச்சு இதனால் கால் வினாடி தாமதமாகும், அது பரவாயில்லை. பின்னால் தொடங்கும் பேச்சுக்கு எழுத்து கால் வினாடி முந்தும். முந்தக் கூடாது என்ற விதிக்கு நான் தரும் ஒரே விலக்கு இது, சிரிப்பு வசனங்களுக்கு இதுவும் கிடையாது.

பேச்சு கட்டுக்கு 12 ஃப்ரேமுக்குள் முடிந்தால் சப்டைட்டிலை நீட்டி, கட்டுக்கு 2 ஃப்ரேம் முன்பு அணைத்துவிடுங்கள். கட்டைத் தாண்டித்தான் பேச்சு போகிறது என்றால் சப்டைட்டிலும் தாண்டட்டும், ஆனால் புதிய ஷாட்டில் குறைந்தது 12 ஃப்ரேமாவது நிற்க வேண்டும். கட்டைத் தாண்டி நாலு ஃப்ரேமில் மறைவதுபோல் கண்ணை உறுத்துவது வேறில்லை.

கட்டைத் தாண்டினால் பார்வையாளர் அதே வரியை மறுபடி படிப்பார் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். போலந்து ஆய்வாளர்கள் கண்ணசைவைப் பதிவுசெய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் அப்படி மறுபடி படிக்கவில்லை என்றே தெரிந்தது. ஆகவே கட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். நான் இந்த விதியை வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. படத்தொகுப்பாளர் வெட்டிய இடத்தில் ஒரு தாளம் இருக்கிறது. நம் எழுத்து அதற்கு ஒத்துப்போனால் போதும்.

58-ஆவது நிமிடத்தில் அண்ணன் தம்பி சண்டையில் வினாடிக்கு ஒரு கட் வருகிறது. அங்கே ஒவ்வொரு கட்டையும் துரத்தாதீர்கள். வசனத்தை முழுதாக ஓடவிட்டு, அது முடியும் இடத்தை மட்டும் அருகிலுள்ள கட்டோடு பொருத்துங்கள்.

வாக்கியத்தைப் பிரித்தல்

நான் அதிகம் திருத்துவது இந்த இடத்தைத்தான். தமிழிலும் மலையாளத்திலும் வினைமுற்று கடைசியில் வருகிறது. காலம், ஆமா இல்லையா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் வெளியாகும், தமிழில் செய்தது யார் என்பதும் அதில்தான். வாக்கியத்தைத் தவறான இடத்தில் வெட்டினால் முதல் சப்டைட்டில் வெறும் பெயர்ச்சொற்களின் குவியலாக நிற்கும்.

இரண்டாம் பங்கில் தோணிக்காரர் மகள் பேசும் வசனம், முதல் வரைவில் இப்படி இருந்தது:

அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்தத்
தோணியை விற்க யாருக்கும் மனசு வந்திருக்காது

இவை இரண்டு தனித்தனி சப்டைட்டில்கள். முதலாவது 22 எழுத்து, வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் தவறு. 'இந்தத்' என்ற சுட்டு, தோணி இல்லாமல் தொங்குகிறது. அந்தக் கடைசி 'த்' வராத சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. சப்டைட்டில் இப்படி வல்லின ஒற்றில் முடிந்தாலே பிரித்த இடம் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சப்டைட்டிலுக்குள் வரியின் கடைசியில் ஒற்று வந்தால் தவறில்லை, அடுத்த சொல் கீழேயே இருக்கிறது.

அவள் 'இருந்திருந்தால்' என்று முடிக்கும்போது கட் விழுந்து அண்ணன் முகம் வருகிறது. பிரிக்க வேண்டிய இடம் அதுதான்:

```
412
00:31:12,417 --> 00:31:14,417
அப்பா உயிரோடு இருந்திருந்தால்

413
00:31:14,500 --> 00:31:17,500
இந்தத் தோணியை விற்க
யாருக்கும் மனசு வந்திருக்காது
```

முதலாவதில் 17 எழுத்து 2 வினாடிக்கு. இரண்டாவதில் 29 எழுத்து 3 வினாடிக்கு, வினாடிக்கு பத்துக்குள் அடங்குகிறது. '-ஆல்' என்று முடிந்தாலே மீதி வருகிறது என்று தமிழ் வாசகருக்குத் தெரியும். செய்து, செய்ய, செய்தால், செய்தாலும், என்று, ஆனால், அதனால், இவை எல்லாம் நமக்குக் கிடைத்த இயற்கையான மூட்டுகள். மூட்டில் பிரித்தால் தொடர்ச்சியைக் காட்டப் புள்ளிகள் தேவையில்லை. மூன்று புள்ளியை ஆள் உண்மையிலேயே தயங்கும் இடத்துக்கும் பேச்சு அறுபடும் இடத்துக்கும் மட்டும் வைத்திருப்போம்.

81-ஆவது நிமிடத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 'நான் அவனை' என்று சொல்லிவிட்டு அம்மா தண்ணீரையே பார்க்கிறாள். கட், மகனின் முகம். அதன் பிறகுதான் 'மன்னிக்க மாட்டேன்'. மலையாளத்திலும் மறுப்பு கடைசி அசையில்தான் இருக்கிறது, மகன் அதற்குத்தான் காத்திருக்கிறான். அங்கே 'நான் அவனை…' தனி சப்டைட்டில். 'மன்னிக்க மாட்டேன்' அவள் வாய் திறக்கும் ஃப்ரேமில் வரட்டும். பத்து எழுத்தும் தாண்டாத சப்டைட்டில் என்று அதை முன்னதோடு சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் அவள் பார்வைக்கு நடிகை எடுத்துக்கொண்ட நேரம் வீணாகிவிடும்.

மற்றவை

இரண்டு பேர் பேசினால் ஆளுக்கு ஒரு வரி, முன்னால் கோடு. பதில் சிரிப்போ அதிர்ச்சியோ தருவதாக இருந்தால் தனி சப்டைட்டில். படகுப் பாட்டுக்கு மெட்டின் அடி முடியும் இடத்தில் பிரித்தால் போதும்.

எல்லோரும் 24 ஃப்ரேம் கோப்பில்தான் வேலை செய்ய வேண்டும். முதலில் வந்த பிரதி 23.976. இரண்டையும் குழப்பினால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, 96 நிமிட முடிவில் 5.76 வினாடி விலகியிருக்கும். உங்கள் பங்கின் கடைசி வசனத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

முடித்ததும் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாகப் படியுங்கள், மூச்சு வாங்கும் இடங்கள் தெரியும். பிறகு ஒலியோடு பாருங்கள். உங்கள் பங்கை அடுத்த பங்குக்காரர் பார்ப்பார், நாலாம் பங்கை முதல் பங்குக்காரர் பார்ப்பார். கோப்பு யூடிஎஃப்-8, பெயர் `pangu2_ta_v1.srt` என்ற மாதிரியில். வியாழன் மாலை 6 மணிக்குள் என்னிடம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை நாலையும் ஒட்டி, சனிக்கிழமை காலையில் அரங்கத் திரையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.