முப்பத்தைந்து கட்டங்கள்

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்பது உறுதியான அன்று மருத்துவர் சொன்ன பலவற்றுள் எண்கள் மட்டுமே என் மனத்தில் நின்றன. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரங்கள், மொத்தம் 35 முறை கதிர்வீச்சு; கதிர்வீச்சை அளக்கும் அலகில் ஒரு முறைக்கு 2 கிரே, ஆக 70 கிரே. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அன்றிரவு அவர் உறங்கிய பிறகு நாள்காட்டியை எடுத்து, சனி ஞாயிறுகளை விட்டுவிட்டு, 35 கட்டங்களுக்கும் எண் போட்டு வைத்தேன். கட்டங்கள் தீர்ந்தால் துன்பமும் தீர்ந்துவிடும் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே வேலைகள் தொடங்கிவிட்டன. கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறுவது கடினம் என்பதால், முதலில் பல் மருத்துவரிடம் அனுப்பி, ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களை எடுத்தார்கள். அடுத்து முகக்கவசம். வலை போன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் மிருதுவாக்கி, அவர் முகத்தின் மீதும் தோள்களின் மீதும் இழுத்துப் பதித்து, அது ஆறி இறுகும்வரை அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் தலையும் கழுத்தும் மில்லிமீட்டர் கணக்கில் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கவசத்தை மேசையோடு பூட்டுவார்கள் என்று தொழில்நுட்பர் விளக்கியபோது, லிஃப்டில் ஏறுவதற்கே தயங்கும் மனிதர் இதை எப்படித் தாங்குவார் என்றுதான் நான் கவலைப்பட்டேன். அவர் தாங்கினார். கையை உயர்த்தினால் உடனே நிறுத்தி உள்ளே வருவோம் என்று அவர்கள் கொடுத்த வாக்கே போதுமாக இருந்தது என்றும், ஒருமுறைகூடக் கையை உயர்த்தவில்லை என்றும் பின்னர் சொன்னார்.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். போகவும் வரவும் மூன்று மணி. 35 நாளுக்கு 105 மணி. கருவிக்கு அடியில் அவர் படுத்திருந்ததோ நாளுக்குப் பத்து நிமிடம், எல்லாம் சேர்த்தும் ஆறு மணி நேரத்துக்குக் குறைவு. ஆக, சிகிச்சை என்று நாங்கள் வாழ்ந்ததில் பெரும்பகுதி சாலையில்தான் கழிந்தது. பள்ளியில் அரைநாள் விடுப்புக் கேட்டு, காலை வகுப்புகளை முடித்துவிட்டு ஓடிவருவேன். பிற்பகல் 2 மணிக்கு எங்கள் முறை ஒதுக்கப்பட்டிருந்தது. பையில் தண்ணீர், வாய் கொப்பளிக்க உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீர், காலரில்லாத மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, மாத்திரைச் சீட்டு. இந்த நான்கும் பையில் இருக்கின்றனவா என்று வாசலில் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது என் பழக்கமாயிற்று.

முதல் இரண்டு வாரங்கள் ஏமாற்றும் அளவுக்கு எளிதாகச் சென்றன. மகள்தான், பேரக்குழந்தையை அவர் மடியில் உட்கார வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு கருவியை நிறுத்தியதும் நின்றுவிடும், உடலில் எதுவும் தங்காது, தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு அவர் முகம் தெளிந்ததை நான் மறக்கமாட்டேன். தொலைவில் வைக்கப்பட வேண்டியவராகிவிட்டோமோ என்ற எண்ணம் அவருக்குள் இருந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் சுவை போயிற்று. நான்காவது வாரத்தில் வாயில் புண். எச்சில் பசை போலத் திரண்டது. கழுத்துத் தோல் கருத்து, பிறகு உரிந்தது. களைப்பு வேறு. உறங்கி எழுந்தால் தீர்ந்துவிடும் களைப்பில்லை அது. பத்து மணி நேரம் தூங்கியவர், செருப்பை மாட்டுவதற்கு முன் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அதன் பிறகு பேருந்தை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுத் தம்பி வாரத்தில் மூன்று நாள் தன் காரில் அழைத்துச் செல்ல முன்வந்ததை நான் மறுக்கவில்லை. பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அந்த வாரங்களில் உதவியை வாங்கிக்கொள்ளப் பழகினேன்.

வாராவாரம் மருத்துவர் பார்க்கும்போது, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்பார். இவர் மூன்று என்பார். எனக்குத் தெரிந்ததோ வேறு. வீட்டில் தண்ணீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒரு மிடறு வாயில் வைத்ததும் கண்களை மூடி, நான் மனத்துக்குள் இருபது எண்ணும்வரை விழுங்காமல் உட்கார்ந்திருப்பார். விழுங்கும்போது கால் கட்டைவிரல் மடங்கும். ஐந்தாவது வாரம் எடை 68 கிலோவிலிருந்து 62 கிலோவுக்கு இறங்கியிருந்த நாளில், அவர் வழக்கம்போல மூன்று என்றதும், “இல்லை டாக்டர், எட்டு இருக்கும்” என்று குறுக்கிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, பிடிபட்ட ஒருவரின் பார்வை அது. வலி மருந்தை மாற்றினார்கள், உணவுக்கு அரை மணி முன் எடுக்கச் சொன்னார்கள், உணவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். எடை இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்ற பேச்சு வந்தது. அந்த அளவுக்குப் போகவில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அவர் வலியை மறைத்ததைப் போலவே நான் பயத்தை மறைத்தேன். ஒரு நாள் திரும்பும் பேருந்தில் அவருக்குத் தோள் கொடுத்தபடி நானே அயர்ந்துவிட, இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டோம். வெயிலில் அவரைச் சாலையோரத்தில் நிற்க வைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான், “நீ மாத்திரை போடுகிறாயா?” என்று கரகரத்த குரலில் கேட்டார். என் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டே கிடக்கிறேன், இத்தனைக்குப் பிறகும் கட்டி கரையாவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கிறேன் என்பதையெல்லாம் அந்த நிறுத்தத்தில் நின்றபடி சொன்னேன். “எனக்கும் அதே நினைப்புத்தான்” என்றார். மறுநாள் மருந்தகத்தில் என் மாத்திரையை அவரே கேட்டு வாங்கினார்.

ஆறாவது வாரம் புதன்கிழமை கருவி பழுதாகி, அன்றைய சிகிச்சை நடக்கவில்லை. நாள்காட்டியில் ஒரு கட்டம் காலியாக நின்றது என்னை நிலைகுலைய வைத்தது. இந்த நோய்க்கு மொத்தக் காலம் நீளக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை கொடுத்து ஈடுகட்டினார்கள். அந்த ஆறு மணி நேரமும் காத்திருப்புக் கூடத்தின் மூலையில் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். பொது இடத்தில் என் கையைக்கூடப் பிடிக்காதவர்.

35-ஆவது கட்டத்தை அடித்த அன்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் கதிர்வீச்சு நின்ற பிறகும் அதன் விளைவு வளர்ந்துகொண்டே போகும், அடுத்த ஓரிரு வாரங்கள்தாம் மிகக் கடினம் என்று செவிலியர் சொல்லியிருந்ததை நான் என் கணக்கில் சேர்க்கவில்லை. எண் போடாத அந்த நாள்கள்தாம் எங்களை அதிகம் வருத்தின. தினமும் பார்க்க மருத்துவமனை இல்லை; முடிந்துவிட்டதல்லவா என்று விசாரிப்புகளும் குறைந்தன. இரவில் நான்கு முறை எழுந்து வாய் கொப்பளிக்க நீர் கலந்து கொடுத்தேன். மூன்றாவது வாரத்தின் இறுதியில்தான் கழுத்தில் புதுத்தோல் தெரிந்தது.

கட்டி கரைந்துவிட்டதா என்று பார்க்க, சிகிச்சை முடிந்து ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து எடுக்கவேண்டிய பெட் ஸ்கேனுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. அதற்கு நாள்காட்டியில் எண் போடவில்லை. நேற்று மாலை அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் புரட்டியபடியே இடது கையால் குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். நான்கு என்பதற்குள் குவளை மேசைக்குத் திரும்பியிருந்தது.