பச்சைப் பேனா அண்ணன்

எங்கள் பத்திரிகையின் பிழைதிருத்தும் மேசையில் 19 வருடங்கள் உட்கார்ந்திருந்த அண்ணன் செவ்வாய்க்கிழமை இரவு காலமானார். இறுதிச் சடங்கு நேற்றுக் காலை, குடும்பத்தாரும் நெருங்கிய உறவினர்களும் மட்டும் இருக்க, முடிந்துவிட்டது. அவர் பெயரையும் படத்தையும் பொதுவில் போட வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டார், அதனால் இங்கே போடவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களுக்குப் பச்சைப் பேனா என்று சொன்னாலே போதும்.

என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று நேற்று முழுக்க போன். கேட்பவர்கள் எல்லாம் அக்கறையில்தான் கேட்கிறார்கள், எனக்கும் புரிகிறது. ஆனால் அவருடைய உடல்நிலை அவர் வீட்டு விஷயம், அதை நான் எழுதப் போவதில்லை, தெரிந்த மற்றவர்களும் எழுத வேண்டாம். இரண்டு வாட்ஸப் குழுக்களில் மருத்துவமனையில் எடுத்த ஒரு படம் சுற்றுகிறது. யார் எடுத்தார்கள் என்று ஆராய எனக்கு மனமில்லை. உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தனது அடையாள அட்டைப் படத்தையே பிடிக்காமல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு திரிந்த மனிதர் அவர்.

சரி, அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். யாரோ ஒருவரின் நினைவாக நடந்த கூட்டத்தைப் பற்றி ஆறு வரிச் செய்தி, எழுதியது நான். 'இறங்கல் கூட்டம்' என்று தலைப்பு வைத்திருந்தேன், பக்கம் அச்சுக்குப் போக அரை மணி நேரம்தான் இருந்தது. அண்ணன் பிரிண்ட் எடுத்த தாளோடு என் இருக்கைக்கு வந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "யாரு தம்பி, எங்கேருந்து இறங்கினாங்க?" என்றார். எனக்கு உடனே புரியவில்லை. தாளைப் பார்த்தேன், 'ற' மேல் ஒரு சின்னப் பச்சை வட்டம், ஓரத்தில் 'ர'. அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார். அந்தத் தவறு கடைசி வரை ஆசிரியருக்குத் தெரியாது. மற்ற இடங்களில் சிவப்பில் சுழித்து மேசையில் வீசுவார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். இவர் பச்சை மைதான் பிடிப்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டதற்கு, சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகள் பிழையைப் பார்க்காமல் திட்டைத்தான் பார்க்கிறார்கள் என்றார்.

அவர் படிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? திரையில் பார்த்தால் கண் ஏமாற்றும் என்று தாளில்தான் பார்ப்பார். ஒரு மர அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, வரி முடிந்ததும் நகர்த்துவார். அந்த அடிக்கோலில் முதல் மூன்று சென்டிமீட்டர் எண்கள் கைபட்டுத் தேய்ந்தே போயிருந்தன. மேலிருந்து ஒரு முறை பொருளுக்காக, அப்புறம் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி இன்னொரு முறை எழுத்துக்காக. கீழிருந்து படித்தால் கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடாது, எழுத்து எழுத்தாக நிற்கும் என்பார். நான் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன். சுவற்றில் இல்லை சுவரில், எண்ணை இல்லை எண்ணெய், இதெல்லாம் அவரிடம் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலையில் ஏறிவிடும்.

சாந்த சொரூபி என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், அவரே அடித்துவிடுவார். பக்கம் முடிக்கும் நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தால் தொலைந்தோம். 'முயற்சிக்கிறேன்' என்பது வழக்கில் வந்துவிட்டது, விட்டுவிடலாம் என்று நான் ஒரு முறை வாதாடப்போய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் என் மேசையில் ஒரு துண்டுத்தாள், 'பேச முயல்கிறேன்' என்று பச்சையில். நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இன்னும் நினைக்கிறேன். ஆனாலும் அதற்கப்புறம் அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை.

இரங்கல் செய்திகள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவரே இழுத்துப் போட்டுக்கொண்டது. அரசியல் செய்தியில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம், இறந்தவர் பெயரில் முதலெழுத்தை மாற்றிப் போட்டுவிட்டு அந்த வீட்டு வாசலில் போய் என்ன திருத்தம் போடுவாய் என்று கேட்பார். பெயர், முதலெழுத்து, வயது, பிள்ளைகளின் பெயர் வரிசை, எல்லாவற்றையும் அந்த வீட்டுக்கே போன் போட்டு மெல்லக் கேட்டு எழுதிக்கொள்வார். 'நோயுடன் நீண்ட நாள் போராடி' என்று வந்தால் வீட்டில் சொன்னார்களா என்று கேட்பார், இல்லையென்றால் அந்த வரி போய்விடும். 'ஈடு செய்ய முடியாத' என்று பார்த்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புவார். அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுது, ஈடு செய்ய முடியுமா முடியாதா என்று படிக்கிறவன் முடிவு செய்துகொள்வான் என்பது அவர் கணக்கு. நேற்று இரவு இதை எழுத உட்கார்ந்தபோது நாலு தடவை அந்த வார்த்தை வந்தது. நாலு தடவையும் அடித்துவிட்டேன்.

அவருடைய சொல் நோட்டைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சரி, தவறு என்று இரண்டு பத்தியாக எழுதி வைத்திருந்தாரே, அதைப் படம் எடுத்துப் போடுங்கள், எல்லாருக்கும் பயன்படும் என்று. பயன்படும்தான். ஆனால் மேசையை ஒழிக்கும்போது திறந்து பார்த்தால், சொற்களுக்கு நடுவே மாத்திரை நேரம், மகளின் தேர்வு நாட்கள், யாருக்கோ கொடுத்த கைமாற்று என்று அவர் வாழ்க்கையும் இருந்தது. இரண்டு பக்கத்தோடு மூடிவிட்டேன். உறைக்குள் போட்டு ஒட்டி அவர் மகளிடம் கொடுத்தாயிற்று. வெளியிடுவதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம், இப்போது அதைப் போய்க் கேட்காதீர்கள். அவர் எனக்கு அனுப்பிய கடைசி மெசேஜையும் நான் இங்கே போடவில்லை, அது எனக்கு அனுப்பியது.

இந்த மாதம் முடியும்வரை வீட்டுக்கு யாரும் வர வேண்டாம், போனும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பண உதவி என்று யாராவது எண்ணைப் பகிர்ந்தால் அது குடும்பத்தார் கேட்டது இல்லை. தேவைப்பட்டால் அலுவலகம் வழியாக அவர்களே சொல்வார்கள். எழுத நினைப்பவர்கள் கையால் எழுதிக் கொடுங்கள், வியாழன் மாலைக்குள் என்னிடம் சேர்த்தால் பிரிக்காமல் மொத்தமாக அண்ணியிடம் கொடுத்துவிடுவேன். நீளமாக வேண்டாம், அவரோடு நடந்த ஒரு விஷயம் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அவர் மேசை இருக்கும் வரிசையில் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்காரலாம் என்றிருக்கிறோம். மேடை, மைக் எதுவும் கிடையாது, படம் எடுக்க வேண்டாம். வேலையை விட்டுப் போனவர்களும் வரலாம்.

அவருடைய பக்கங்களை இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேர் பிரித்துப் பார்க்கிறோம். நேற்று மதியம் ஒரு இரங்கல் செய்தி வந்தது, வயது 71 என்று இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டோம். 72.