சாந்திக்கு அக்கா போட்ட கணக்கு

அன்புள்ள தங்கை சாந்திக்கு,

வருமானத்துக்கு என்ன தொழில் செய்யலாம் என்று நீ தொலைபேசியில் சொன்னவற்றையெல்லாம் கடையில் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தேன். உன் கையில் இருப்பது 1,200 ரிங்கிட். வீட்டுத் தவணை மாதம் 400. மாமியார் படுக்கையில் இருப்பதால் நீ வீட்டை விட்டு நகர முடியாது. இவை மூன்றும் மாறாதவை. மற்றதை இவற்றுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நீ ஆசைப்படும் நாசி லெமாக் வியாபாரம். மேசை, குடை, அடுப்பு, நகராண்மைக் கழக உரிமம், டைபாய்டு ஊசி, உணவுக் கையாளுநர் வகுப்பு எல்லாம் சேர்ந்து 900 ரிங்கிட் போய்விடும். பணம் அன்றைக்கே கைக்கு வரும், அது உண்மை. ஆனால் 60 பொட்டலத்தை 2.50க்கு விற்றால் 150, செலவு 95, மிச்சம் 55. மழை பெய்து 20 பொட்டலம் தேங்கினால் மிச்சம் வெறும் 5 ரிங்கிட். சுங்கை சிப்புட்டில் மழை யாரைக் கேட்டுப் பெய்கிறது? இரண்டு மணிக்கு எழுந்து பத்து மணிவரை நிற்க வேண்டும்; அந்த எட்டு மணி நேரம் அத்தையை யார் பார்ப்பது? எண்ணெயைக் குறைத்து எழுதிவிட்டாயோ என்றும் சந்தேகம். 2.50க்குக் கிடைக்கும் பாக்கெட் எண்ணெய் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்குப் பாட்டில் எண்ணெய்தான்.

மாப்பிள்ளை சொன்ன ரப்பர் வெட்டு இரண்டே வரிதான். கத்தி வாங்கினால் போதும், கட்டிப்பாலை விற்ற அன்றே காசு. ஆனால் பாதி தோட்டக்காரருக்கு, மழை நாளில் சும்மா, இலையுதிர்காலத்தில் பாலே சுண்டிவிடும். உன் முழங்காலுக்கு அது வேண்டாம்.

தொழிற்சாலை வேலைதான் எல்லாவற்றிலும் ஆபத்து குறைந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700, மணிக்கு 8.72 என்று கணக்கு. ஊழியர் சேம நிதியும் சொக்சோவும் உண்டு. முதல் சம்பளத்துக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், பஸ் பயணத்தோடு பன்னிரண்டு மணி நேரம் வெளியே. அத்தை இருக்கும்வரை இதைப் பேசிப் பயனில்லை.

பிள்ளை பார்ப்பதைப் பற்றி நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பாய், முதலுதவிப் பெட்டி, வாசலில் ஒரு தடுப்பு, 150 ரிங்கிட் போதும். மூன்று பிள்ளைகளுக்குத் தலா 350 என்றால் 1,050. காலை ஆறரை முதல் மாலை ஐந்தரை வரை, மாதம் 26 நாள். மணிக்கணக்கில் பார்த்தால் நான்கு ரிங்கிட்கூட வராது. ஆனாலும் அந்த நேரம் முழுவதும் நீ அத்தைக்காக எப்படியும் வீட்டில்தான் இருக்கிறாய். அதனால்தான் இதை மேலே வைக்கிறேன். முன்பணமாகக் கேள், முதல் நாளே காசு வந்துவிடும். மூன்றோடு நிறுத்து. நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகள் ஆகிவிட்டால் சமூக நலத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளை விழுந்தால் பேச்சு உன்மேல் வரும் என்பதையும் மறக்காதே.

தையல் இதற்குத் துணை. லைனிங் வைத்த ரவிக்கை 60 ரிங்கிட், நான்கு மணி நேரம். பிள்ளைகள் தூங்கும் வேளையில் ஒரு கை, அடுத்த நாள் மறு கை. அம்மாவின் தையல் எந்திரத்தைச் சரிசெய்ய 80. பழைய ஓவர்லாக் எந்திரத்துக்கு 450, அதை இப்போது வாங்காதே, ஓரத்தைக் கையாலேயே தைத்துக்கொள். முதல் காசு இரண்டு வாரத்தில் வரும், வாடிக்கையாளர் தந்தால். கல்லாவில் உட்காரும் எனக்குத் தெரியும்: துணியை வாங்கிக்கொண்டு "சம்பளத்துக்குத் தருகிறேன்" என்பவர்கள் யார் யாரென்று. பாதிப்பணம் வாங்காமல் கத்தரிக்கோலை எடுக்காதே.

முறுக்கு தீபாவளிக்கு மட்டும், அதுவும் முன்பதிவு செய்த டின்களுக்கு மட்டும். டின் 28, செலவு 14. சித்திக்கும் பெரியம்மாவுக்கும் கடன் என்றால் போட்ட மாவுக்காசும் திரும்பாது.

பணம் போதவில்லையென்று கூட்டுச்சீட்டில் சேராதே. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தடை செய்யப்பட்டது, சீட்டு எடுத்தவர் ஊரைவிட்டுப் போனால் காவல் நிலையத்தில் வாய் திறக்கவும் முடியாது. ஆலோங் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. கடன் வேண்டுமென்றால் ஆறு மாதக் கணக்குப் புத்தகத்தோடு தெக்குனில் இந்தியர்களுக்கான கடன் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆக 230 ரிங்கிட் இறங்கும், 970 மிஞ்சும், இரண்டு மாதத் தவணை அதில் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போது அம்மாவின் எந்திரத்துக்குப் பெல்ட் வாங்கி வருகிறேன். பழைய பெல்ட் தொட்டாலே உதிர்கிறது. அதன் அளவைக் கயிற்றில் எடுத்து வை, பெடலிலிருந்து மேல் சக்கரம் சுற்றி வரும் முழு நீளம்.

அன்புடன்,
அக்கா