மார்ச் 1 முதல் புதிய விற்பனைக் கமிஷன்: வரைவும் காரணங்களும்

அண்ணாவுக்கும் சித்தப்பாவுக்கும்,

கமிஷன் திட்டத்தை மாற்ற வேண்டும் என்று டிசம்பர் விடுமுறைக்கு முன் பேசியதன் வரைவு இது. தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் மூவரும் உட்கார்ந்து முடிவெடுத்தால் 2026 மார்ச் 1 முதல் நம் சோலார் இன்வர்ட்டர் விற்பனையாளர்கள் ஆறு பேருக்கும் நடைமுறைப்படுத்தலாம்.

இப்போதைய முறை: மாதச் சம்பளம் 10,000 ரேண்ட், விற்பனையில் 4 சதவீதம் கமிஷன், கமிஷனுக்கு உச்சவரம்பு மாதம் 20,000 ரேண்ட். அதாவது 5 லட்சம் ரேண்டுக்கு விற்றதும் மீட்டர் நின்றுவிடுகிறது. ஆர்டர் புத்தகத்தைத் தேதிவாரியாகப் பாருங்கள். மாதக் கடைசி வாரம் காலி. அடுத்த மாதம் முதல் மூன்று நாளில் ஆர்டர்கள் கொட்டுகின்றன. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் மூன்று பகுதியிலும் இதே கதைதான். பையன்கள் சோம்பேறிகள் இல்லை. 20,000 வந்தபின் எழுதும் ஆர்டருக்கு நாம் ஒரு செண்ட்கூடத் தருவதில்லை, அதனால் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இதற்கிடையில் டெபாசிட் கட்டத் தயாராக இருந்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடையில் கேட்டுப் பார்க்கப் போய்விடுகிறார்.

உச்சவரம்பு ஏன் வந்தது என்பது தெரியும். 2023இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இன்வர்ட்டரை யாரும் விற்க வேண்டியிருக்கவில்லை, மக்களே தேடி வந்து வாங்கினார்கள். அப்படி வந்த ஆர்டருக்கெல்லாம் முழுக் கமிஷனா என்று அண்ணா கேட்டது நியாயம். ஆனால் 2024 மார்ச் 26 முதல் மாதக்கணக்கில் மின்வெட்டே இல்லாமல் போனது. அதோடு வாசலில் நின்ற வரிசையும் போனது. இப்போது ஒவ்வொரு சிஸ்டத்தையும் வீடு தேடிப் போய், கூரையைப் பார்த்து, மின்கட்டணக் கணக்குப் போட்டுக் காட்டித்தான் விற்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்துக் கவலைக்குப் போட்ட பூட்டு இந்தக் காலத்து விற்பனையைத் தடுக்கிறது.

புதிய முறை இப்படி. சம்பளம் மாதம் 15,000 ரேண்ட். இலக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 60 லட்சம் ரேண்ட், வாட் நீங்கலாக. மார்ச் முதல் தொடங்கும் நான்கு காலாண்டுகளுக்கு 16, 15, 16, 13 லட்சம் என்று பிரித்திருக்கிறேன். டிசம்பர் நடுவில் கட்டட வேலையாட்கள் விடுமுறைக்குப் போய் ஜனவரியில் திரும்புவதால் கடைசிக் காலாண்டைக் குறைத்தேன். இலக்கு வரை கமிஷன் 3 சதவீதம், முதல் ரேண்டிலிருந்தே. இலக்கின் 100 முதல் 130 சதவீதம் வரையிலான பகுதிக்கு 4.5, அதற்கு மேல் 6 சதவீதம். மொத்தக் கமிஷனுக்கு உச்சவரம்பு கிடையாது.

விற்பனையாளர் நட்டப்படுவாரா? மாதம் 5 லட்சம் விற்பவர் இன்று 10,000 + 20,000 வாங்குகிறார். புதிய முறையில் 15,000 + 15,000. அதே 30,000தான். 4 லட்சம் விற்பவருக்கு இன்று 26,000, இனி 27,000. ஆக, யாரும் கீழே போவதில்லை. விற்பனையே இல்லாத மாதத்தில் நமக்குத்தான் ஆளுக்கு 5,000 கூடுதல் செலவு, அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்து சித்தப்பாவின் கேள்வி: 6 சதவீதம் கட்டுப்படியாகுமா? காலாண்டு இலக்கை 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இலக்கைச் சரியாகத் தொட்டால் சம்பளம் 45,000, கமிஷன் 45,000, மொத்தம் 90,000; விற்பனையில் 6 சதவீதம். ஒருவர் 21 லட்சம் விற்றால் கமிஷன் 45,000 + 20,250 + 9,000 = 74,250. சம்பளத்தோடு 1,19,250. சதவீதமாகப் பார்த்தால் 5.68, அதாவது குறைகிறது. சம்பளச் செலவை முதல் 15 லட்சமே ஈடுகட்டிவிட்டது என்பதுதான் காரணம். உச்ச வீதம் 6 என்பதால் இலக்குக்கு மேல் அவர் எவ்வளவு விற்றாலும் நம் மொத்தச் செலவு 6 சதவீதத்தைத் தாண்டாது. அந்த எண்ணை அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இலக்கைத் தொட்டதும் முதல் ரேண்டிலிருந்தே வீதம் உயரும் முறை வேண்டாம். அண்ணா சொன்ன முறை அதுதான், கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 15 லட்சத்தைத் தொட்டவுடன் 3 சதவீதம் முழுத் தொகைக்கும் 4 ஆனால், கடைசி ஒரு ரேண்ட் விற்பனையின் மதிப்பு 15,000 ரேண்ட். மே 31 மாலை ஐந்து மணிக்கு அந்த ஒரு ஆர்டருக்காக ஒருவர் என்னென்ன செய்வார் என்று யோசியுங்கள். தேவைக்கு மேல் தள்ளுபடி கொடுப்பார், பெரியப்பா மகன் பெயரில் ஆர்டர் எழுதி ஜூனில் ரத்து செய்வார். படிப்படியாக உயரும் வீதத்தில் அப்படி ஒரு பள்ளமும் மேடும் இல்லை.

படிப்படியாக உயர்ந்தாலும் இன்னொரு ஓட்டை உண்டு. இரண்டு காலாண்டிலும் 15 லட்சம் விற்பவருக்குக் கமிஷன் 90,000. அதே 30 லட்சத்தை முதலில் 9, பிறகு 21 என்று தள்ளி எழுதினால் 27,000 + 74,250 = 1,01,250. ஆர்டரை மேசை டிராயரில் வைத்திருந்ததற்கு நாம் 11,250 ரேண்ட் பரிசு கொடுப்பது போல ஆகிறது. ஆக, கணக்கு காலாண்டோடு முடியக் கூடாது, மார்ச் முதல் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் அதுவரையிலான மொத்த விற்பனை, மொத்த இலக்கு, சேர வேண்டிய மொத்தக் கமிஷன். அதில் ஏற்கனவே கொடுத்ததைக் கழித்து மீதி. 9, 21 என்று எழுதினாலும் 21, 9 என்று எழுதினாலும் வருவது 90,000தான்.

இதில் ஒரு கசப்பு இருக்கிறது. முதல் காலாண்டில் 21 லட்சம் விற்று 74,250 வாங்கியவருக்கு, இரண்டாவதில் 9 லட்சம்தான் என்றால் 15,750 மட்டுமே வரும். 27,000 எதிர்பார்த்திருப்பார். கையெழுத்து வாங்கும் முன்பே இந்த உதாரணத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும். காலாண்டுக் கணக்கு எதிர்மறையாகப் போனால் பூஜ்ஜியம் என்று வைப்போம், கையில் வாங்கியதைத் திருப்பிக் கேட்பதில்லை.

தள்ளுபடிக்கும் ஒரு வேலி வேண்டும். 1,20,000 ரேண்ட் சிஸ்டத்தில் 10 சதவீதம் தள்ளினால் நமக்கு 12,000 போகிறது. அவருக்குப் போவது 360 ரேண்ட். நம் லாபம் 22 சதவீதம் என்றால் 26,400 இருந்தது 14,400 ஆகிவிடும். அதனால் 15 சதவீதத்துக்குக் கீழ் லாபமுள்ள ஆர்டருக்கு அரைக் கமிஷன்தான், உயர் வீதக் கணக்கிலும் அது சேராது.

உச்சவரம்பை முழுதாக எடுத்தால் 2023 போல் மறுபடி வந்தால் என்ன செய்வது? ஒரு கிடங்கோ, பள்ளிக்கூடமோ ஒரே ஒப்பந்தத்தில் 30 லட்சம் கொடுத்தால் அது பெரும்பாலும் நம் மூவரில் ஒருவர் பேசி முடித்ததாக இருக்கும். ஒரே ஒப்பந்தத்தில் 10 லட்சத்துக்கு மேலான பகுதிக்கு நேராக 2 சதவீதம், உயர் வீதக் கணக்கில் சேராது. 90 நாளுக்குள் அதே வாடிக்கையாளர் தரும் ஆர்டர்கள் ஒன்றாகவே கருதப்படும். இல்லாவிட்டால் மூன்றாகப் பிரித்து எழுதுவார்கள். மனிதருக்கு வரம்பு போடாமல் ஒப்பந்தத்துக்குப் போடுகிறோம். அவர் அடுத்த நாள் காலையிலும் வேலைக்குப் போகக் காரணம் இருக்கும். சந்தை முழுதும் மாறினால் அடுத்த ஆண்டு இலக்கை மாற்றுவோம். ஆண்டு நடுவில் தொட வேண்டாம். நன்றாக விற்றால் இலக்கை ஏற்றிவிடுவார்கள் என்று ஒருமுறை தோன்றிவிட்டால், அப்புறம் யாரும் முழு வேகத்தில் ஓட மாட்டார்கள்.

கிளாபேக், அதாவது ரத்தான ஆர்டரின் கமிஷனைத் திரும்பப் பிடிப்பது. இதில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலைவாய்ப்பு நிபந்தனைச் சட்டம், பிரிவு 34(5): கணக்குப் பிழையால் கூடுதலாகக் கொடுத்ததைத் தவிர, கொடுத்த ஊதியத்தைத் திருப்பித் தரச் சொல்ல முடியாது. இன்று நாம் ஆர்டர் எழுதியதும் முழுக் கமிஷன் கொடுத்துவிட்டு, ரத்தானால் அடுத்த சம்பளத்தில் கழிக்கிறோம். இது ஆபத்து. எனவே கொடுத்துவிட்டுப் பிடுங்காமல், எப்போது கமிஷன் சேர்கிறது என்பதையே எழுதி வைப்போம்.

வாடிக்கையாளரின் டெபாசிட் வங்கியில் ஏறியதும் கமிஷனில் பாதி சேரும். தொலைபேசியிலோ வீடு தேடிப் போயோ விற்றது என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, நேரடி விற்பனையில் ஒப்பந்தத் தேதி, சரக்கு வந்த தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 5 வேலை நாளுக்குள் அவர் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்கள் கழிந்த பிறகே பாதி. பொருத்தி முடித்து, மின்சாரச் சான்றிதழ் கொடுத்து, மீதிப் பணமும் வந்த பின் 40 சதவீதம். கடைசி 10 சதவீதம் ஆறு மாதம் கழித்து. குறையுள்ள பொருளை வாடிக்கையாளர் திருப்பித் தர அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு தரும் காலமும் ஆறு மாதம்தான். 1,20,000 ரேண்ட் ஆர்டரில் இது 1,800, 1,440, 360 ஆகும்.

யார் தப்பு என்பதைப் பிரிக்க வேண்டும். பேட்டரி கெட்டாலோ நம் ஆட்கள் சரியாகப் பொருத்தாவிட்டாலோ விற்பனையாளரின் 10 சதவீதம் அவருக்கே. 5 கிலோவாட் இன்வர்ட்டரில் கீசர், அடுப்பு, ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று வாக்குக் கொடுத்து விற்றிருந்தால் அது சேராது. எல்லாவற்றுக்கும் அவரைப் பிடித்தால், அவர் தெரிந்த வீடுகளுக்கும் கோயில் கமிட்டி உறவுகளுக்கும் மட்டுமே விற்பார், புதிய தெருவுக்குள் நுழைய மாட்டார். காத்திருக்கும் காலத்தை ஆறு மாதத்துக்கு மேல் நீட்டினாலும் பயன் இல்லை. அவ்வளவு தூரத்துப் பணத்தை யாரும் தன் பணமாக எண்ணி வேலை செய்வதில்லை. மாறாக 40 சதவீதம் நல்ல வேலை செய்யும். மீதிப் பணத்துக்கு நாம் போன் போட்டு அலைவது குறையும், கூரையை முதலிலேயே ஒழுங்காகப் பார்ப்பார்கள்.

வேலையை விட்டுப் போகிறவருக்கும் நிலுவைப் பங்கு அதன் தேதியில் கொடுக்கப்படும். இதை வெட்டலாம் என்று சித்தப்பா சொன்னார். வேண்டாம், ஒருவரிடம் அப்படிச் செய்தாலும் மற்ற ஐவரும் திட்டத்தை நம்ப மாட்டார்கள்.

சம்பளம் கணக்கிடும் முறையை எழுத்தில் தர வேண்டும் என்று அடிப்படை வேலைவாய்ப்பு நிபந்தனைச் சட்டத்தின் பிரிவு 29 சொல்கிறது. இது வேலை நிபந்தனையை மாற்றுவது என்பதால் ஒவ்வொருவரின் கையெழுத்தும் வேண்டும், நாமாக அறிவித்துவிட முடியாது. நிலுவைப் பங்கையும் காலாண்டுக் கழிவையும் பற்றிய வரிகளை வழக்கறிஞர் பார்த்த பிறகே கொடுப்போம். பிப்ரவரி 28 வரை எழுதிய ஆர்டர்கள் பழைய முறையிலேயே தீரும்.

உங்களிடம் முடிவு வேண்டியது மூன்று: 15 சதவீத லாப எல்லை சரியா, பெரிய ஒப்பந்தத்துக்கு 10 லட்சம் சரியா, கூடுதல் சம்பளச் செலவான மாதம் 30,000 ரேண்டை முதல் காலாண்டுக்குத் தாங்குவோமா. ஆறு பேரின் சென்ற ஆண்டு விற்பனையைப் புதிய வீதத்தில் போட்ட கணக்குத் தாளைத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி
டர்பன், ஜனவரி 2026