முதல் நாள் டேக்ஸா

குடியாத்தத்துலேர்ந்து சாயங்காலம் பஸ் புடிச்சு வந்த சேகர வேலூர் காட்பாடி ரோட்டு பிரியாணி ஓட்டல்ல பாத்திரம் தேய்க்க உட்டாங்க, இவன் மொத தட்ட தேய்க்கும்போதே உள்ள மாஸ்டர் தலைய புடிச்சுகினு அரிசி மூட்டை மேல சாஞ்சிட்டாரு.

உடம்பு அனலா கொதிக்குது. ஆட்டோ வர பத்து நிமிஷம் ஆவும். அடுப்புல கறி ரெடி, பக்கத்து அண்டால தண்ணி தளதளன்னு கொதிக்குது, சீரக சம்பாவ அப்பத்தான் கொட்டியிருக்காங்க. மொதலாளி கல்லாவுக்கும் கிச்சனுக்கும் ஓடுறாரு, ஓடி இன்னா ஆவப்போவுது, கரண்டி புடிக்கத் தெரியாத மனுசன்.

"டேய் தம்பி, ஒரு அரிசி எடுத்தா"ன்னாரு மாஸ்டர், கண்ணத் தொறக்காமயே.

சேகர் சோப்பு கைய லுங்கில தொடச்சிட்டு கரண்டில நாலு அரிசி அள்ளினு போனான். அவரு ஒண்ண விரல்ல வச்சு நசுக்கினாரு. நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி.

"இன்னும் கொஞ்சம் உடு."

மறுபடி ஓட்டம். இந்த தபா அவனையே நசுக்கச் சொன்னாரு.

"மாஸ்டர், முக்கா வெந்துகீது."

"அப்ப வடிச்சு கறி மேல போடு. மூடி மேல கங்கு அள்ளி வை. நடுவுல தொறந்து பாத்த, கைய ஒடைச்சிருவேன்."

ஆட்டோ வந்துச்சு, ஏத்தி அனுப்புனாங்க.

ஒம்பது மணிக்கு தம் ஒடைச்சாங்க. அரிசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. சப்ளையர் அண்ணன் ஒரு வாய் எடுத்துப் போட்டுட்டு ஒண்ணும் பேசாம பந்திக்குத் தூக்கினு போனாரு. மொதலாளி மட்டும் திரும்பிப் பாத்து, "பிரியாணி இருக்கட்டும்டா, தட்டெல்லாம் யாரு கழுவுவா?"ன்னாரு.